ஃபேன் பக்கத்தில் எண்ணோடு அலகையும் எழுதுங்கள்

ஆன்லைனில் சீலிங் ஃபேனும் டேபிள் ஃபேனும் விற்கும் கடைக்காரர்களுக்கும், அந்தப் பக்கங்களைச் சரிபார்த்து ஏற்றும் குழுவினருக்கும்,

வணக்கம். போன மாதம் அம்மாவின் அறைக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்க உட்கார்ந்தேன். கடைசியில் இரண்டு ஃபேன்கள் மிஞ்சின, இரண்டுமே 1200 மி.மீ. ஸ்வீப். ஒன்றில் "அதிவேகம், 380 ஆர்பிஎம், காற்று 7,400" என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 340 ஆர்பிஎம், காற்று 230. வேகமும் கூட, காற்றும் கூட என்று முதல் ஃபேனை வாங்கிவிட்டேன். பெட்டி வந்து, ஒட்டியிருந்த லேபிளைப் படித்த பிறகுதான் புரிந்தது: அந்த 7,400 என்பது சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. மற்றது சிஎம்எம், கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 35.3 கன அடி. வகுத்துப் பார்த்தால் 7,400 சிஎஃப்எம் வெறும் 210 சிஎம்எம்தான். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபேன் நிமிடத்துக்கு 20 கன மீட்டர் கூடுதலாகக் காற்றுத் தருகிறது. அலகை எழுதாமல் விட்ட ஒரே காரணத்தால் வந்த வினை இது.

சரி, வேகம் கூடுதலாக இருந்தும் காற்று ஏன் குறைகிறது? ஒரே ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டால் காற்று கூடும், அது உண்மை. ஆனால் வேறு வேறு ஃபேன்களை ஒப்பிடும்போது றெக்கையின் சாய்வும் அகலமும் மாறிவிடுகின்றன. சாய்வு குறைவான றெக்கைக்கு மோட்டார் சிரமப்படாது, அதனால் வேகமாகச் சுற்றும், ஆனால் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்று குறைவு. ஆகவே ஆர்பிஎம்மைத் தலைப்பில் பெரிதாகப் போட்டுவிட்டுக் காற்றளவைக் கீழே எங்கோ மறைப்பது வாங்குபவரைத் தவறான பக்கம் திருப்புகிறது. மேலே வர வேண்டியது காற்றளவு, பக்கத்திலேயே வாட். என் ஃபேன் 52 வாட், ஒரு வாட்டுக்கு 4 சிஎம்எம். மற்றது 35 வாட், ஒரு வாட்டுக்கு 6.5க்கு மேல். நட்சத்திர லேபிளில் இந்த வகுத்த கணக்கைத்தான் சர்வீஸ் வேல்யூ என்கிறார்கள். நட்சத்திர எண்ணிக்கையே அதை வைத்துத்தான், அதையும் அப்படியே ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் சத்தம். "சத்தமே இல்லாதது" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், எண்ணை மட்டும் காணோம். எண் போடுகிறவர்களும் "45 டெசிபல்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த வேகத்தில், எத்தனை மீட்டர் தள்ளி அளந்தது என்று சொல்லாத டெசிபலை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், ஆக 1 மீட்டரில் அளந்த ஃபேனையும் 2 மீட்டரில் அளந்த ஃபேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது சும்மாவே ஜெயித்துவிடும். முதல் வேகத்தில் அளந்துவிட்டு எல்லா வேகத்துக்கும் பொதுவாக எழுதுவது இன்னும் மோசம். என் 380 ஆர்பிஎம் ஃபேனின் றெக்கை நுனி நொடிக்கு 24 மீட்டர் போகிறது, 340இல் 21 மீட்டர்தான். நுனி வேகம் கூடக்கூட காற்றைக் கிழிக்கும் இரைச்சல் வேகமாக ஏறும். அம்மா இப்போது இரவில் வேகத்தைக் குறைத்து வைத்துத்தான் தூங்குகிறார். குறைத்தால் காற்றும் குறையத்தானே செய்யும்.

டேபிள் ஃபேனில் தப்பு பெரும்பாலும் ஸ்வீப்பில்தான். ஸ்வீப் என்றால் றெக்கை நுனிகள் சுற்றும்போது போடும் வட்டத்தின் முழு விட்டம். வெளியே இருக்கும் கம்பிக் கூண்டின் விட்டம் இல்லை, ஒரு றெக்கையின் நீளமும் இல்லை. கூண்டை டேப் வைத்து அளந்து 18 இன்ச் என்று போட்ட பக்கத்தைப் பார்த்திருக்கிறேன், உள்ளே சுற்றுவது 400 மி.மீ., அதாவது 16 இன்ச் றெக்கை. 16ஐத் தேடுகிறவர் கண்ணில் அது படாது, 18 என்று நம்பி வாங்குகிறவர் ஏமாந்து போவார். கூண்டு அளவும் தேவைதான், மேஜையில் இடம் பார்க்க. தனி வரியில் போடுங்கள்.

நான் கேட்பது இந்த மாதிரி ஒரு பத்தி மட்டுமே: "ஸ்வீப் 1200 மி.மீ. உச்ச வேகம் 340 ஆர்பிஎம். உச்ச வேகத்தில் காற்று 230 சிஎம்எம், 35 வாட். சத்தம்: உச்ச வேகத்தில், 1 மீட்டர் தூரத்தில் இத்தனை டெசிபல்." சத்தத்தை யாரும் அளக்கவில்லை என்றால் "அளக்கவில்லை" என்றே எழுதிவிடுங்கள், அதை நான் குறையாகவே நினைக்க மாட்டேன்.