ஓதுவாரின் கைத்தாளம்

அன்புள்ள மகளுக்கு,

நீ மீண்டும் பாட்டுப் பயிலத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்ததும், வெகுநாளாக என் மனத்தில் இருந்த ஒரு கதையை உனக்கு எழுதியனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சிவாலயத்தில் வயது முதிர்ந்த ஓதுவார் ஒருவர் இருந்தார். மூப்பினால் மேல் ஸ்தாயி எட்டாமல் போனபோது, அவர் கொல்லிப் பண்ணில் அமைந்த பதிகங்களையே நாடினார். இன்று அப்பண்ணை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரையே அதன் சஞ்சாரம் என்பதால், மேல் சட்ஜத்தைத் தொடாமலே முழுப் பதிகத்தையும் நிறைவாகப் பாடிவிடலாம். சூலை நோயால் வருந்திய அப்பர் திருவதிகையில் பாடிய முதற்பதிகமும் இப்பண்ணில் அமைந்ததே.

பிறகு அந்தக் குரலும் போயிற்று. குரல் நாண்களில் ஒன்று அசையவில்லை என்றார் மருத்துவர். இரண்டும் சேர்ந்து மூடாததால் மூச்சு வீணே கசிந்தது. இரண்டு சீர்களைச் சொல்வதற்குள் நெஞ்சு வறண்டது. சந்நிதியில் அவருடைய மாணவி பாட, அவர் கைத்தாளத்துடன் பக்கத்தில் நின்றார்.

அப்பரின் அந்தப் பதிகத்தை அவள் சுருதி சுத்தமாகவே பாடினாள். ஆனால் 'கூற்றாயின வாறுவி லக்ககிலீர்' என்று சீர் பிரிந்த இடத்திலேயே மூச்சை விட்டாள். யாப்புக்கு அது சரிதான். பொருளோ 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்றல்லவா பிரிகிறது? 'வாறுவி' என்று நிறுத்தினால், நோயை விலக்கவில்லையே என்று அப்பர் முறையிடும் சொல்லே இரண்டாக உடைந்துபோகும். பாடிக்காட்ட முடிந்திருந்தால் அவர் ஒரு நொடியில் திருத்தியிருப்பார்.

மறுநாள் பயிற்சியில் அவர் தாளத்தை இரு விதமாகத் தட்டினார். மூச்சு எடுக்கலாம் என்ற இடத்தில் இரு கிண்ணங்களையும் ஒட்டவைத்து ஒலியை அடக்கினார். சொல் தொடர வேண்டிய இடத்தில் விளிம்பு மட்டும் பட விட்டு, நாதம் நீளச் செய்தார். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நாதம் ஓயும் முன்பே மூச்சை விட்டுத் தடுமாறினாள். அவர் அந்த ஓரடியையே சலிக்காமல் திரும்பத் திரும்பத் தட்ட, நீளும் ஒலியின் மேலேயே தன் குரலை நிறுத்தக் கற்றுக்கொண்டாள். வாறு என்று நீட்டி, விலக்ககிலீர் என்று அவள் முழுதாகச் சொன்னபோது, அவ்வடியைப் பாடியவர்கள் இருவர் என்றுதான் நான் சொல்வேன்.

பத்துப் பாடல்களும் இவ்வாறு தேறிய பின், அவர் நட்டபாடைப் பண்ணில் அமைந்த சம்பந்தரின் முதற்பதிகத்தை எடுத்து அவள் முன் வைத்தார். அதை இன்று நாட்டையில் பாடுவார்கள். மேல் சட்ஜத்தைத் தாண்டிப் போகும்போதுதான் அதன் கம்பீரம் முழுதாகத் தெரியும். தன் குரல் எட்டாததால் பல ஆண்டுகளாகச் சந்நிதியில் பாடாமல் அவர் விட்டுவைத்திருந்த பதிகம் அது. தாளத்தைக் கையில் எடுத்து, முதற்சீருக்கு நாதம் நீள விட்டார்.

அன்புடன்,
அப்பா