அந்த இரவில் வானம் மூடியிருந்தது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுகதையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். 1974இல் தேனிலவுக்கு வந்த ஊருக்கு, மனைவி இறந்தபின் தனியாகத் திரும்பிவரும் யாழ்ப்பாணத்துப் பெரியவரின் கதை. அந்த ஊர் எங்கள் நுவரெலியா. கதை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததனால்தான் அதில் இரண்டு இடங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ரயிலை விட்டு பொல்கஹவெலயில் இறங்கி, பதுளை ரயிலுக்காகப் புதுமணத் தம்பதி பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் காட்சி அப்படியே உண்மை. எங்கள் ஊருக்கு ரயில் வராது, நானுஓயாவில் இறங்கித்தான் மேலே ஏற வேண்டும் என்பதையும் எழுதியவர் சரியாகப் பிடித்திருக்கிறார். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் கந்தோரைப் பெரியவர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, உள்ளே போய் ஒரு முத்திரை வாங்கும் பக்கத்தை நான் இரண்டு தரம் படித்தேன். அந்தக் கட்டடத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கக் கூடாது என்று தபால் ஊழியர்கள் 2023இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். அது இன்னும் தபால் கந்தோராகவே இருப்பதன் அருமை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி உறைபனிக்கு வருகிறேன். கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அன்று தை மாத விடியலில் அந்தப் பெண் வெளியே ஓடிப்போய், வெள்ளையாகக் கிடந்த புல்லில் பனியைச் சுரண்டி எடுத்துக் கணவனின் கழுத்தில் வைக்கிறாள். ஐம்பது வருடம் கழித்து அதே தை மாதத்தில் பெரியவர் ஐந்து மணிக்கு எழும்பிக் கதவைத் திறக்கிறார். புல் பச்சையாக இருக்கிறது. ஊர் மாறிவிட்டது, கட்டடங்கள் பெருகிச் சூடாகிவிட்டது, பனிகூடப் போய்விட்டது என்று நினைத்து அழுகிறார். அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நான் மரக்கறித் தோட்டக்காரன். இரண்டு பக்கம் முன்னால் எழுதியவரே என்ன சொன்னார் என்று திருப்பிப் பார்த்தேன். முதல்நாள் மாலை மூடுபனியில் பாதை தெரியாமல் ஆட்டோ லைட் போட்டுக்கொண்டு வருகிறது. இரவு முழுக்கத் தூறல் யன்னலில் அடிக்கிறது. அப்படி ஒரு இரவுக்குப் பிறகு 1974ஆம் ஆண்டிலும் இங்கே உறைபனி விழுந்திருக்காது.

அது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பகலில் வெயிலை வாங்கிய நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகமோ மூடுபனியோ இருந்தால் அது கம்பளிப் போர்வை மாதிரி சூட்டைத் தடுத்து வைத்துக்கொள்ளும். காற்று வீசினாலும் மேலே இருக்கிற சற்றுச் சூடான காற்று கீழே கலந்துவிடும். வானம் துப்புரவாக இருந்து, காற்றும் அடங்கிய இரவில்தான் நிலமும் புல்லும் தம்மைச் சுற்றியுள்ள காற்றை விடவும் அதிகமாகக் குளிர்ந்து, அவற்றின் மேல் உள்ள ஈரம் உறைகிறது. அதனால்தான் ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று நான்கு பாகை காட்டும்போதே காலடியில் புல் நொறுங்கும்.

அப்புறம், இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியே இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். எங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் திடல், கிரகரி ஏரியின் கரை, பள்ளத்தில் இருக்கும் மரக்கறிப் பாத்திகள் எல்லாம் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் ஒன்றும் இருக்காது. கதையில் அன்று அவர்கள் தங்கியது ஏரிக்கரையில். இப்போது மகன் போனில் புக் பண்ணிக் கொடுத்த ரூம் மலைச்சரிவில். இரண்டையும் எழுதியவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

தையிலும் மாசியிலும் பொழுதுபடும்போது வானத்தைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிந்து, அடுப்புப் புகை நேரே மேலே போனால் அன்று தூக்கம் அரைகுறைதான். விடிய முன்னம் எழும்பி, வெயில் படுவதற்குள் உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவ வேண்டும். பிந்தினால் இலை முதலில் ஈரம் கோத்த மாதிரி நிறம் மாறும், மத்தியானத்துக்குள் கருகிப்போகும். கடுமையான வருடங்களில் பள்ளத்துத் தேயிலையும் கருகும். இது பழங்கதை இல்லை, இப்போதும் நடக்கிறது. ஊர் சூடாகவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மேட்டில் நின்று, மேகம் மூடிய இரவுக்கு அடுத்த ஒரு காலையைப் பார்த்து அப்படி முடிவு கட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் கடைத்தெரு. மனைவிக்குச் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிய கடையைப் பெரியவர் தேடுகிறார். ஸ்வெட்டரைப் பொதி செய்தபடி “தங்கச்சிக்குக் குளிரும், ஒரு பிளேன்டீ குடிக்கட்டும்” என்று சொன்ன தமிழ் முதலாளியின் கடை. அந்த இடத்தில் இப்போது போன் கடை. அதையும் காலம் விழுங்கிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கதை ஏரிப்பக்கம் போய்விடுகிறது.

அந்தக் கடையைக் காலம் விழுங்கவில்லை. 1983 ஜூலையில் எங்கள் கடைத்தெருவில் தமிழர்களின் கடைகளை எரித்தார்கள். நான் அப்போது சிறுபிள்ளை. எங்கள் அப்பா மரக்கறி போடும் கடையில் அரிசி மூட்டைகள் அடியில் கனன்று பல நாள் புகைந்துகொண்டே இருந்தன. அப்பா கடைக்காரரைத் தேடிப் போனார். கொடுக்க வேண்டிய பாக்கியைக் கேட்கவில்லை, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப் போனார். சிலர் திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடியும் கடை போட்டார்கள். பலர் இந்தியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களையெல்லாம் கண்ட ஒரு மனிதர், நுவரெலியாக் கடைத்தெருவில் ஒரு தமிழ்க் கடையைக் காணாமல் நிற்கும்போது அவருக்கு முதலில் 83 நினைவுக்கு வராதா? அவர் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. போன் கடைப் பையனிடம் “முந்தி இருந்தவர் எங்கே போனார் தம்பி?” என்று கேட்டிருந்தால் போதும். பெரியவர் தேடிய இரண்டும் கிடைக்காமல் போனதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று வானிலை, மற்றது மனிதர்கள் செய்தது. கதை இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டது என்பதுதான் என் மனக்குறை.

இந்தக் கடிதத்தைக் கதை எழுதியவருக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கதை தொகுப்பாக வருவதாக இருந்தால், பெரியவருக்கு இன்னும் ஓர் இரவு கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மழை விட்ட இரவாக இருக்கட்டும். விடுதிக் காவலாளியிடம் கேட்டால் அவரே ரேஸ் கோர்ஸ் பக்கம் போகச் சொல்லுவார். பனி கிடைத்தபின் பெரியவருடைய துக்கம் குறையுமா கூடுமா என்பது எழுதியவருக்கே தெரியும். அவர் தை, மாசியில் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் தோட்டத்தில் தங்கலாம். எந்தக் காலையில் எழுப்ப வேண்டும் என்பதை முதல்நாள் மாலையே பார்த்துச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நுவரெலியா