நோயாளி இருந்த படுக்கை நாளை அடிப்படையாக வைத்து நாள் தொகையைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்
கணக்கு அலுவலர்,
40 படுக்கைகள் கொண்ட உதவி பெறும் மருத்துவமனை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனைகளுக்குச் செலவுத் தொகை வழங்கும் பிரிவு.

பொருள்: உள்நோயாளி ஒருவருக்கான நாள் தொகையைக் கணக்கிடும் முறையில் திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்காகத் தங்கள் அலுவலகம் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தொகை வழங்கி வருகிறது. கடந்த ஆண்டுக்கு அது 1,947 ரூபாய் என்று நிர்ணயித்து ஆணை வந்தது. ஆணையோடு வந்த கணக்குத் தாளைப் பார்த்தோம். எங்கள் ஆண்டுச் செலவு 2,84,20,000 ரூபாயைத் தணிக்கையில் அப்படியே ஏற்றிருக்கிறீர்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தொகையை 40 படுக்கை, 365 நாள் என்று பெருக்கி வந்த 14,600 ஆல் வகுத்திருக்கிறீர்கள். சிக்கல் இந்த 14,600 இல்தான் இருக்கிறது.

14,600 என்பது எல்லாப் படுக்கையும் எல்லா நாளும் நிரம்பியிருந்தால் வரக்கூடிய எண். தொகை வழங்கும்போது தாங்கள் அந்த எண்ணுக்கு வழங்குவதில்லை. நோயாளி உண்மையில் படுத்திருந்த நாள்களுக்கு மட்டுமே வழங்குகிறீர்கள். வகுப்பது ஓர் எண்ணால், பெருக்குவது வேறோர் எண்ணால் என்றால் செலவில் ஒரு பகுதி எங்கும் ஈடாகாமல் நின்றுவிடும். அது எவ்வளவு என்பதைக் காட்டவே இந்த மனு. எளிதாக விளங்க வேண்டும் என்பதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கித் தந்திருக்கிறோம்.

முதலில் நாள்களை எண்ணிய விதம். எங்கள் வார்டுகளில் தினமும் நள்ளிரவில் ஆள் எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்கள். சேர்ந்த நாள் கணக்கில் வரும், வீடு திரும்பிய நாள் வராது. 3ஆம் தேதி மாலை சேர்ந்து 6ஆம் தேதி காலை போனவருக்கு 3 படுக்கை நாள். விரலை மடக்கி எண்ணினால் 4 என்று தோன்றும். காலையில் சேர்ந்து அன்றே மாலையில் போனவர் நள்ளிரவு எண்ணிக்கையில் வராவிட்டாலும் அவருக்கு 1 நாள். பிறந்த குழந்தையின் தொட்டில், பிரசவ மேசை, அறுவை முடிந்ததும் சற்று நேரம் வைத்திருக்கும் படுக்கை ஆகியவற்றை நாங்கள் சேர்ப்பதில்லை. இந்த விதியை ஒரே சீராகப் பின்பற்றாவிட்டால் கீழே சொல்லும் எந்த எண்ணும் நிற்காது. சேர்ந்த நாளையும் போன நாளையும் இரண்டையும் எண்ணும் மருத்துவமனையில் நாள்கள் கூடும், நாள் செலவு தானாகவே குறைந்து தெரியும்.

கடந்த ஆண்டில் 120 நாள்கள் 40 படுக்கையும் நிரம்பியிருந்தன. 150 நாள்களில் சராசரியாக 30 படுக்கைகள், மீதி 95 நாள்களில் சராசரியாக 20 படுக்கைகள் நிரம்பியிருந்தன. ஆக 4,800, 4,500, 1,900 சேர்ந்து 11,200 படுக்கை நாள்கள். இது போக, நிரம்பி வழிந்த அந்த 120 நாள்களில் வாடகைக் கட்டில்கள் போட்டு 400 படுக்கை நாள்களுக்கு நோயாளிகளைச் சேர்த்தோம். மொத்தம் 11,600. வாடகைக் கட்டிலுக்கான 80,000 ரூபாயைச் செலவில் ஏற்றுக்கொண்ட தங்கள் கணக்கு, அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களின் 400 நாள்களுக்கு வகுக்கும் எண்ணில் இடம் தரவில்லை. இது சின்ன விஷயம்தான். ஆனாலும் மேலே இருக்கும் செலவும் கீழே இருக்கும் நாள்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அடுத்து செலவைப் பிரித்த விதம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு நிலையான செலவு. கட்டட வாடகை 24,00,000, மாதச் சம்பளக்காரர்களான செவிலியர், மேற்பார்வையாளர், வார்டு பணியாளர் ஊதியம் 1,02,00,000, பழுதுபார்ப்பு 9,00,000, கருவிகளின் தேய்மானம் 12,00,000, பொது நிர்வாகத்தில் உள்நோயாளிப் பிரிவின் பங்கு 19,80,000, மின்கட்டணத்தில் மாறாத பகுதி 7,20,000 ரூபாய். கூட்டினால் 1,74,00,000 ரூபாய். புறநோயாளிப் பிரிவுக்கான பங்கை இதில் சேர்க்கவில்லை. அது வேறு கணக்கு.

நோயாளியின் நாளோடு சேர்ந்து ஏறி இறங்குவது மாறும் செலவு. மருந்து, ஆக்சிஜன், பஞ்சு, ஊசி போன்றவை ஒரு படுக்கை நாளுக்கு 360 ரூபாய், உணவு 250, சலவை 100, மின்கட்டணத்தின் மாறும் பகுதி 40. இவற்றோடு, அழைத்தால் வந்து பார்க்கும் மருத்துவர்களுக்குத் தந்த கட்டணம் 22,40,000 ரூபாயும் கட்டில் வாடகை 80,000 ரூபாயும் சேர்ந்து நாளுக்கு 200 ஆகின்றன. ஆக 950 ரூபாய். 11,600 நாளுக்கு 1,10,20,000 ரூபாய்.

மின்கட்டணத்தை எப்படி இரண்டாகப் பிரித்தோம் என்று தணிக்கையாளர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதில் இரண்டு குணமும் கலந்திருப்பதால் அனுமானமாகப் பாதி பாதி போடக் கூடாது. நோயாளிகள் மிக அதிகமாக இருந்த மாதத்தில் 1,300 படுக்கை நாள்கள், கட்டணம் 1,12,000 ரூபாய். மிகக் குறைவான மாதத்தில் 600 படுக்கை நாள்கள், கட்டணம் 84,000 ரூபாய். 700 நாள் கூடியதற்கு 28,000 ரூபாய் கூடியது என்றால் நாளுக்கு 40 ரூபாய். 600 நாளுக்கு 24,000 போக மீதி 60,000 ரூபாய் யார் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டியது. இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு: எடுத்துக்கொண்ட இரண்டு மாதங்களில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தால், உதாரணமாகப் பழைய பாக்கியும் சேர்ந்து வந்த பில் என்றால், விடை தவறிவிடும். அதனால் மற்ற மாதங்களின் பில்களையும் இந்த 60,000, 40 என்ற எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடுத்துக்கொண்டோம்.

செவிலியர் ஊதியத்தை நிலையான செலவில் வைத்ததற்கும் ஒரு வரம்பு உண்டு. 20 பேர் இருந்தாலும் 40 பேர் இருந்தாலும் எங்களுக்கு அதே பணியிடங்கள்தான். ஆனால் 50 படுக்கைகள் ஆக்கினால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் புதிதாக ஆள் போட வேண்டும்; அப்போது அந்தச் செலவு படியேறியதுபோல ஒரே தாவலாக உயரும். ஆகவே மேற்சொன்ன எண்கள் இப்போதுள்ள படுக்கை எண்ணிக்கைக்கு மட்டுமே செல்லும்.

இனி கணக்கு எளிது. நிலையான செலவு 1,74,00,000 ரூபாயை 11,600 ஆல் வகுத்தால் 1,500. அதனோடு மாறும் செலவு 950 சேர்ந்தால் ஒரு படுக்கை நாளுக்கு 2,450 ரூபாய். ஆணைப்படி எங்களுக்கு வந்தது 1,947 வீதம் 11,600 நாளுக்கு 2,25,85,200 ரூபாய். தாங்களே ஏற்றுக்கொண்ட செலவில் 58,34,800 ரூபாய் ஈடாகவில்லை. 14,600க்கும் 11,600க்கும் இடையிலுள்ள 3,000 நாள்களின் மேல் ஏற்றிவைத்த பங்கு அது; அந்த நாள்களுக்கு யாரும் பணம் கட்டப்போவதில்லை.

சரி, 2,450 என்று திருத்திவிட்டால் போதுமா? கடந்த ஆண்டுக்குப் போதும். இனி வரும் ஆண்டுகளுக்குப் போதாது. நோயாளிகள் குறைந்து படுக்கை நாள்கள் 8,700 ஆனால், நிலையான செலவின் பங்கு நாளுக்கு 2,000 ஆகி, நாள் செலவு 2,950 ரூபாய் ஆகும். 14,500 ஆக உயர்ந்தால் பங்கு 1,200 ஆகி, 2,150 ரூபாய் ஆகும். மாறும் செலவு 950 இல் கட்டில் வாடகை போன்ற சில்லறை மாற்றம் இருக்கலாம். பெரிய வித்தியாசம் வராது. மருந்தின் விலையோ சிகிச்சையின் தரமோ மாறாமலேயே நாள் தொகை 800 ரூபாய் ஆடுகிறது. ஒரே தொகையாக நிர்ணயித்தால் நோயாளி குறைந்த ஆண்டில் மருத்துவமனைக்கு நட்டம், கூடிய ஆண்டில் அரசுக்கு நட்டம். அதைவிட மோசமான விளைவும் இருக்கிறது. கூடுதலாக ஒரு நாள் நோயாளியை வைத்திருக்க மருத்துவமனைக்கு ஆவது 950 ரூபாய், வருவது 2,450 ரூபாய் என்றால், வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலையில் இருப்பவரையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைக்கும் எண்ணம் வரத்தான் செய்யும். எங்களுக்குச் சாதகமான தொகையிலேயே இந்த ஓட்டை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே தங்களிடம் நாங்கள் முதன்மையாகக் கேட்பது, தொகையை இரண்டாகப் பிரித்து வழங்க வேண்டும் என்பதே. நிலையான செலவை மாதம் 14,50,000 ரூபாய் வீதமும், மாறும் செலவைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு படுக்கை நாளுக்கும் 950 ரூபாய் வீதமும் தரலாம். கடந்த ஆண்டின் 11,600 நாளுக்கு இது சரியாக 2,84,20,000 ரூபாயே வரும். 8,700 நாள்கள் ஆனாலும் 14,500 ஆனாலும் இரு தரப்புக்கும் இழப்பு வராது.

காலிப் படுக்கைகளுக்கும் அரசு பணம் தருவதா என்று தாங்கள் தயங்கலாம். அதற்கு வழி உண்டு. இயல்பான நிரம்பல் இவ்வளவு என்று ஓர் அளவைத் தாங்களே நிர்ணயிக்கலாம். 80 சதவீதம் என்று வைத்தால் எங்களுக்கு அது 11,680 நாள்கள். ஓர் ஆண்டில் அதைவிட மிகவும் குறைந்தால், காலியாகக் கிடந்த படுக்கைகளின் செலவை நாங்கள் தனியே எழுதிக் காட்டுகிறோம்; காரணம் எங்கள் மெத்தனம் என்றால் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் திடீரென்று கூட்டம் வரும் நாள்களுக்காகச் சில படுக்கைகளைக் காலியாக வைத்திருப்பதும் மருத்துவமனையின் வேலையே என்பதால், 100 சதவீதத்தை இயல்பு என்று கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாகப் பிரித்து வழங்கத் தற்போதைய விதிகளில் இடமில்லை என்றால், குறைந்தபட்சம் கடந்த ஆண்டுக்கான நாள் தொகையை 2,450 ரூபாய் எனத் திருத்தி, நிலுவை 58,34,800 ரூபாயை வழங்குமாறு வேண்டுகிறோம். அப்புறம், படுக்கை நாளை எண்ணும் விதியை எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒன்றாகச் சுற்றறிக்கையில் அறிவித்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். நள்ளிரவுப் பதிவேடுகளையும் மாதவாரி மின்கட்டண பில்களையும் தங்கள் தணிக்கையாளர் எப்போது வந்தாலும் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கு அலுவலர்

இணைப்பு: மாதவாரி படுக்கை நாள் அறிக்கை, செலவுப் பிரிப்புத் தாள், மின்கட்டண பில் நகல்கள்.