8 மாத்திரைக் கணக்கும் 22 நாள் காத்திருப்பும்: சட்டப் பிரிவினருக்கும் மருத்துவ ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டப் பிரிவினருக்கும் மருத்துவ ஆலோசகர் குழுவினருக்கும்,

வணக்கம். பாராசிட்டமால் கட்டுரை ஏன் இந்த இதழில் வரவில்லை என்பது உங்கள் இரு தரப்புக்கும் தெரியும். காய்ச்சல் பரவும் நேரத்துக்கென்று திட்டமிட்ட கட்டுரை அது. 22 நாள் மேசை மாறி மாறிப் பயணம் செய்து, கடைசியில் பக்கம் மூடிய பிறகு திரும்பி வந்தது. தாமதம்கூட எனக்கு இரண்டாவது வருத்தம்தான். அத்தனை நாள் சரிபார்த்தும் கட்டுரை தவறாகத் திரும்பி வந்ததே, அதுதான் முதல் வருத்தம்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன். மருத்துவ ஆலோசகர் ஒப்புதல் தந்த பிரதியில் இப்படி இருந்தது: "பெரியவர்கள் எந்த 24 மணி நேரத்திலும் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8. எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் அளவு இதைவிடக் குறைவு. மருத்துவரைக் கேட்க வேண்டும்." பிறகு அது சட்டப் பிரிவுக்குப் போனது. எண்ணைப் போட்டால் நாளை யாராவது அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடலாம் என்ற கவலையில், "ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தாண்ட வேண்டாம்" என்று அது மாறியது. கவலை நியாயமானது. மாற்றம் ஆபத்தானது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பிற்பகல் 3 மணி, இரவு 7, 11 என்று வேளைக்கு 2 மாத்திரை போடுகிறார். அன்றைக்கு 6 ஆயிற்று. நள்ளிரவு தாண்டியதும் அவர் மனதில் புது நாள் பிறந்துவிடுகிறது. அதிகாலை 3, காலை 7, 11 என்று இன்னொரு 6. இரண்டு நாளிலும் அவர் 8-ஐத் தொடவில்லை. ஆனால் 20 மணி நேரத்தில் 12 மாத்திரை, அதாவது 6 கிராம், உள்ளே போய்விட்டது. நடுவில் ஒரு சளி மாத்திரை போட்டிருந்தால், அதிலும் பாராசிட்டமால் இருப்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் அறிகுறி எதுவும் காட்டாமலே இருக்கலாம். ஒரேயடியாக அதிகம் விழுங்கியவருக்கு அசிடைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது மிக நன்றாக வேலை செய்கிறது. "24 மணி நேரம்" என்பதை "ஒரு நாள்" என்று மாற்றியது நடை திருத்தம் அல்ல. கட்டுரை எதற்காக எழுதப்பட்டதோ, அதுவே அங்கே போய்விட்டது.

ஆலோசகர் இதைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பார். அவர் பார்க்கவில்லை, அவர் முறை ஏற்கனவே முடிந்திருந்தது. நான் பிடித்தபோது பக்க வடிவமைப்பு முடிந்திருந்தது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து வரிசை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான்: இரு தரப்பும் ஒரே பிரதியை, ஒரே நேரத்தில், மூன்று வேலை நாளுக்குள் பாருங்கள்.

மூன்று நாள் போதுமா என்று கேட்பீர்கள். முழுக் கட்டுரையையும் படிக்கச் சொன்னால் போதாது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரை 1,200 சொல். அதில் உங்கள் கண் அவசியமாகப் படவேண்டிய வாக்கியங்கள் 11. அளவு, இடைவெளி, யார் எடுக்கக் கூடாது, எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும், இவ்வளவுதான். இந்த 11-க்கும் எண் போட்டு, பக்கத்தில் ஆதாரத்தின் எந்தப் பக்கம் என்று குறித்து, கட்டுரையோடு ஒரு தாளாகத் தருவது எங்கள் வேலை. இதுவரை அப்படித் தராதது எங்கள் தவறு, இனி தருவோம். இதற்கும் முன்னால், எழுதத் தொடங்குமுன்பே, ஐந்தாறு வரிச் சுருக்கத்தை அனுப்புகிறோம். "இந்தத் தலைப்பில் மருந்து நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது" என்பதை அங்கேயே சொல்லிவிட்டால், எழுதி முடித்த பிறகு பாதிக் கட்டுரையைக் கிழிக்க வேண்டியிருக்காது.

திரும்ப அனுப்பும்போது ஒவ்வொரு குறிப்பிலும் "கட்டாயம்" அல்லது "யோசனை" என்று ஒரு சொல் எழுதுங்கள். கட்டாயம் என்றால் காரணமும் ஒரு வரியில் வேண்டும். சட்டச் சிக்கல் எது, சொந்த ரசனை எது என்று பிரித்தறிய முடியாமல் ஒரு காற்புள்ளிக்காக நாங்கள் இரண்டு நாள் காத்திருந்தது உண்டு. எண் போட்ட வாக்கியத்தில் சட்டப் பிரிவு கை வைத்தால், அந்த வாக்கியம் மட்டும் ஆலோசகரிடம் திரும்பட்டும். முழுக் கட்டுரை வேண்டாம். ஒப்புதலுக்குப் பிறகு நாங்களே அதைத் தொட்டாலும் இதே விதி.

மூன்று நாளில் பதில் வராவிட்டால்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அச்சேற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மருந்து அளவு பற்றிய கட்டுரையில் அதை நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். நான்காம் நாள் கட்டுரை மாற்று ஆலோசகரிடம் போகட்டும். அவரும் இல்லையென்றால், ஏற்கனவே ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும் இரண்டு கட்டுரைகளில் ஒன்று அந்தப் பக்கத்துக்கு வரும். கையிருப்பு வைப்பது எங்கள் பொறுப்பு. மாற்று ஆலோசகரின் பெயரைத் தருவது உங்கள் பொறுப்பு. இரண்டு முறை கேட்டும் அந்தப் பெயர் இன்னும் வரவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, இன்னொன்றும் சொல்கிறேன். காலையில் எழுந்து நடப்பது நல்லது என்ற அரைப்பக்கக் குறிப்பும், கர்ப்பிணிகள் எந்த மாத்திரையை விடவேண்டும் என்ற கட்டுரையும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னது ஒன்பது நாள் காத்துக் கிடந்தது. உங்கள் நேரம் அங்கே வீணாகிறது. அந்தச் சோர்வோடுதான் பாராசிட்டமால் கட்டுரையைத் திறக்கிறீர்கள். அளவு, கர்ப்பம், குழந்தைகள், மருந்தைத் தொடங்குவது நிறுத்துவது, நோய் தீரும் என்ற வாக்குறுதி, இவை இருந்தால் இருவரும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் ஆசிரியர் குழுவே பொறுப்பேற்கட்டும். தவறு நேர்ந்தால் வாசகரின் கடிதம் எப்படியும் எங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

சற்றுக் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கவனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கவனம் கடைசிப் பிரதி வரைக்கும், அதுவும் நேரத்துக்கு, வந்து சேரவேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரே பிரதி, ஒரே நேரம், மூன்று வேலை நாள்.

திருத்திய பாராசிட்டமால் கட்டுரையையும் 11 வாக்கியங்களின் தாளையும் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். முதல் வாக்கியத்தில் "24 மணி நேரம்" என்பதை மறுபடி போட்டிருக்கிறேன். அதன் கீழே கோடிட்டிருக்கிறேன். தயவுசெய்து அதிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உடல்நலப் பக்கங்களின் பொறுப்பாசிரியர்