முன்னால் ஒரு சைபர் போடுங்கள்: டிராயிங் ஆபீஸுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிராயிங் ஆபீஸ் அதிகாரிகளுக்கும் நிர்வாகத்துக்கும்,

வணக்கம். போன திங்கட்கிழமை கேட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸைப் படித்தேன். டிராயிங்கைத் தவறாகப் படித்து ஜாபைக் கெடுத்தால் துண்டுக்கு ரூ. 150.00 பிடிக்கப்படும் என்று போட்டிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை, அதற்கு நன்றி. ஆனால் யாரை நினைத்து எழுதியது என்று மெஷின் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். 34 துண்டு, 5,100 ரூபாய், மூன்று மாதத் தவணை. அந்த அப்ரண்டிஸ் நான்தான்.

தப்பு என்னுடையது இல்லை என்று சொல்ல வரவில்லை. லேத்தை ஓட்டியதும் நான், டூலைக் கொடுத்ததும் நான். அன்று ராத்திரி என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

வந்தது ஸ்பின்னிங் மெஷினுக்கான பிவட் பின். EN8 ராடு, ஒரு முனையில் 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு 25 விட்டம் கடைய வேண்டும். அந்த இடம் கன்மெட்டல் புஷ்ஷுக்குள் சுழலும். ஒரிஜினல் டிராயிங்கில் 25-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், மேலே -.04, கீழே -.09 என்று டாலரன்ஸ் இருக்கிறது. அதாவது பின் 24.96-க்கும் 24.91-க்கும் நடுவில் வர வேண்டும். இது ஒரிஜினலில் இருப்பது. என் கைக்கு வந்தது A3 டிராயிங்கை A4-க்குச் சுருக்கி எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் இருந்தது -04, -09. புள்ளி இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

04 என்றால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? ஐடிஐ-யில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒன்றுக்குக் குறைவான அளவு என்றால் முன்னால் சைபர், அப்புறம் புள்ளி. ஆகவே சைபருக்கு அடுத்து புள்ளி அழிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். 0.4, 0.9. விட்டம் 24.6-இலிருந்து 24.1 வரை போகலாம். நடுவில் இருக்கட்டும் என்று 24.4-இல் வைத்துக் கடைந்தேன். உங்கள் டிராயிங்கில் புள்ளிக்கு முன்னால் சைபர் போடும் வழக்கமே இல்லை, அந்த சைபர் புள்ளிக்குப் பின்னால் வருவது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் ஆள் 0.04 என்று எழுதியிருந்தால் புள்ளி அழிந்தாலும் 004 என்று வந்திருக்கும். மூன்று இலக்கம். அதை 0.4 என்று படிக்க யாராலும் முடியாது. கேட்பது அவ்வளவுதான்: புள்ளிக்கு முன்னால் ஒரு சைபர் போடுங்கள். இது நான் கண்டுபிடித்த விதியும் இல்லை. மில்லிமீட்டர் டிராயிங்குக்கு அதுதான் முறை. சைபரை விட்டுவிடுவது அமெரிக்க அங்குல டிராயிங்கில் இருக்கும் வழக்கம். அங்கேகூட ASME Y14.5 மில்லிமீட்டர் அளவு என்றால் சைபர் போடத்தான் சொல்கிறது.

முதல் துண்டை நான் இன்ஸ்பெக்‌ஷனில் ஏன் காட்டவில்லை என்று விசாரணையில் கேட்டீர்கள். காட்டினேன். நைட் ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் வெர்னியரில் பார்த்து ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்ததும் அதே ஜெராக்ஸ். நான் தப்பாகப் படித்த தாளையே அவரும் தப்பாகப் படித்தார். இரண்டு பேர் பார்த்ததாகக் கணக்கு, பார்த்ததோ ஒரே தாள்.

காலையில் அசெம்பிளியில் பின்னைப் புஷ்ஷில் போட்டதும் கடகடவென்று ஆடியது. புஷ் துளை 25.00-இலிருந்து 25.03 வரை. சரியான பின் என்றால் இடைவெளி 0.04-இலிருந்து 0.12 வரைதான் இருக்கும். என் பின்னில் 0.6-க்கு மேல். விட்டம் அதிகமாக இருந்தால் திரும்பக் கடையலாம். குறைந்துபோனதை என்ன செய்வது? 34 துண்டும் ஸ்கிராப் தொட்டிக்குப் போயின. அதற்கு முன்னால் இரண்டு நாள் கேண்டீன் வாசல் மேஜையில், சிவப்புப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் சாக்பீஸில் என் டோக்கன் நம்பரை எழுதி வைத்திருந்தீர்கள். டீ டம்ளரோடு அதைத் தாண்டித்தான் நான் போய் வந்தேன். சரி, அதை விடுங்கள்.

மூன்றாம் நாள் எங்கள் பே-யில் இருக்கும் மூத்த டர்னர் அண்ணன் ஒரு பின்னைக் கையில் எடுத்து, "ஏங்கண்ணு, புள்ளி இங்கதான் இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்டது என்றேன். அவர் திட்டவில்லை. அதே ஜெராக்ஸையும் ஜாப் கார்டையும் விரித்து, நான் படித்தது தப்பு என்று சொல்லும் மூன்று இடங்களைக் காட்டினார்.

முதலில் தாளின் கீழ் மூலைக் கட்டம். டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கு ISO 2768-m என்று இருக்கிறது. 25 விட்டத்துக்கு அது ±0.2, மொத்த வீச்சு 0.4. நான் படித்த -0.4, -0.9-இன் வீச்சு 0.5. "சும்மா விட்ட அளவுக்கே 0.4 தான் இடம். மெனக்கெட்டு எழுதின அளவு அதைவிட லூசா இருக்குமா?" என்றார். அதோடு, 24.35 பக்கத்தில் பின் வேண்டும் என்றால் அதைத்தானே எழுதுவார்கள், 25 என்று எழுதி எதற்கு அவ்வளவு கழிக்க வேண்டும்? அப்புறம் ஜாப் கார்டில் அளவுக்கருவிக் கட்டம். அதில் மைக்ரோமீட்டர் என்று இருந்தது. அரை மில்லிமீட்டர் வீச்சுக்கு யாரும் மைக்ரோமீட்டர் கேட்கமாட்டார்கள். நான் அன்று, வெர்னியரே போதும், இதற்குப் போய் மைக்ரோமீட்டர் எதற்கு என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நினைப்பு வந்த இடத்திலேயே மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். கடைசியாக அவர் காட்டியது புஷ். பின்னின் டிராயிங்கை மட்டும் பார்த்துக் கடையாதே, அது எதற்குள் போகிறதோ அதன் அளவையும் கேள் என்றார்.

இப்போது டூலைத் தொடுவதற்கு முன்னால் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்: மேல் எல்லை 24.960, கீழ் எல்லை 24.910, உள்ளே போகும் துளை 25.000 முதல் 25.030. கழித்துப் பார்த்து, இந்த இடைவெளியில் அது சுழலுமா, ஆடுமா என்று யோசிக்கிறேன். முதல் துண்டை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோகும்போது அசெம்பிளியிலிருந்து ஒரு புஷ்ஷையும் வாங்கிப் போகிறேன். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா நேரமும் கை கொடுக்காது. நீள அளவோ, எதற்குள்ளும் போகாத ஒரு பள்ளமோ என்றால் ஒப்பிட எதிர்ப்பொருள் இருக்காது. அப்போது ஒரே வழி ஒரிஜினலைப் பார்ப்பது.

பார்ப்பதற்கு என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? மாடி ஏறி வந்து கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். எண்ணெய்க் கையோடு உள்ளே வரக் கூடாது, நியாயம்தான். டிராயிங் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் "இரு, பார்க்கிறேன்" என்பார்கள். அப்புறம் போன் வரும், டீ வரும், கஸ்டமர் வருவார். போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு பள்ளத்தின் அகலம் 1.3-ஆ 13-ஆ என்று கேட்க 40 நிமிடம் நின்றேன். பதில் வந்தது, 1.3. நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால் லாக் ஷீட்டில் அந்த 40 நிமிடத்துக்கு "ஆபரேட்டர் இல்லை" என்று எழுதியிருக்கிறது. கேட்காமல் கடைந்தால் துண்டுக்கு 150, கேட்கப் போனால் மெஷின் சும்மா நின்ற பழி. இது பகல் ஷிஃப்ட் கதை. ராத்திரியில் மாடிக்குப் பூட்டு, சாவி ஊருக்குள் ஒருவர் வீட்டில் தூங்குகிறது.

கோபத்தில் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நோட்டீஸில் 150-க்குப் பின்னால் புள்ளியும் இரண்டு சைபரும் எவ்வளவு அழகாக விழுந்திருக்கின்றன! ஒரு பைசா இல்லை என்பதைச் சொல்ல இரண்டு சைபர். ஆயுத பூஜை அழைப்பிதழ்கூட வழவழப்பான தாளில் கலரில்தான் வந்தது. ஆக, பிரிண்டரில் மையும் இருக்கிறது, சைபருக்கும் பஞ்சமில்லை. டிராயிங்குக்கு வரும்போது மட்டும் இரண்டும் தீர்ந்துவிடுகின்றன.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பிடித்தம் செய்கிற பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. புள்ளிக்கு முன்னால் ஒரு சைபர் போடுங்கள். பழைய டிராயிங் அத்தனையையும் ஒரே நாளில் திருத்த முடியாது, புரிகிறது. எது ஷாப்புக்கு இறங்குகிறதோ அதை மட்டும் திருத்தி அனுப்புங்கள். A3-ஐ A3 ஆகவே, ஒரிஜினலிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தனியாக ஒரு பிரிண்ட் கொடுங்கள், எங்கள் தாளைப் பார்த்து எங்கள் வேலையைச் சரிபார்க்கும் நிலை அவர்களுக்கு வேண்டாம். ராத்திரிக்கு ஒரிஜினல் செட் ஒன்று ஃபோர்மேன் அறையில் இருந்தால் பெரிய உதவி.

வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்டில் அதே பிவட் பின் மறுபடி என் லேத்துக்கு வருகிறது, 40 துண்டு. ஜாப் கார்டோடு சேர்த்துக் குத்தியிருக்கும் தாளை இன்று பார்த்தேன். அதே ஜெராக்ஸ், அதே -04, -09. பேனாவால் நானே புள்ளியும் சைபரும் வைத்துவிடலாம், ஆனால் டிராயிங்கில் ஆபரேட்டர் எதுவும் எழுதக் கூடாது என்பது உங்கள் விதி. வெள்ளிக்கிழமை மாலை மாடியைப் பூட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு டிராயிங்கையாவது திருத்தி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டர்னர் பிரிவு, இரண்டாம் ஆண்டு அப்ரண்டிஸ்