இலக்கத் தகட்டை மங்கலாக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் விற்பதற்கு இணையத்தில் படம் போடுகிறவர்கள் இலக்கத் தகட்டை மறைக்க வேண்டும் என்று கடந்த ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். சரியான பேச்சு. ஆனால் “மங்கலாக்கிவிட்டால் போதும்” என்று கட்டுரையாளர் முடித்திருந்ததுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கட்டம் கட்டமாக மங்கலாக்கும்போது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உள்ள நிறங்களின் சராசரியை எடுத்து அந்தக் கட்டம் முழுவதும் பூசுகிறது போன். எழுத்தின் அடையாளம் அந்தச் சராசரியில் தங்கிவிடும். நீண்ட கடிதமொன்றை இப்படி மறைத்தால் ஊகிப்பது கஷ்டம். இலக்கத் தகட்டில் ஊகிக்க அதிகம் இல்லை. பின்பக்கம் மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து, கடைசியில் நான்கு இலக்கங்கள். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 தான். அத்தனையையும் அதே வடிவ எழுத்தில் எழுதி, அதே அளவு கட்டங்களாக்கி, உங்கள் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. கட்டமாக்கியும் மங்கலாக்கியும் மறைத்த எழுத்துகளை மீட்க முடியும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2016 இலேயே காட்டியிருக்கிறார்கள்.

படம் சரிவாக எடுக்கப்பட்டிருந்தால், 0 எது 8 எது என்று பிரிக்க முடியாமல் போகலாம். அப்போதும் கூடினால் பதினாறு இலக்கங்களுக்குள் வந்து நிற்கும். வண்டியின் நிறமும் மொடலும்தான் படத்திலேயே தெரிகிறதே. தகடு முழுவதும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிட்டால் யாராலும் ஒன்றும் எடுக்க முடியாது என்பதும் உண்மை. அவ்வளவு பெரிய கட்டம் போடுகிறவர் நேரே ஒரு கறுப்புப் பெட்டியைப் போட்டுவிடலாமே.

பெட்டி என்றால் முழுக்க நிரப்பிய பெட்டி. பலர் போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி நாலு தரம் தேய்த்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பேனா ஊடுபார்க்கக் கூடியது, எழுத்து அடியில் அப்படியே கிடக்கும். சேமித்த படத்தைத் திரும்பத் திறந்து, வெளிச்சத்தையும் நிழல் பகுதியையும் கடைசிவரை கூட்டிப் பாருங்கள். இலக்கம் மெல்ல எழும்பி வந்தால் மறைக்கவில்லை என்றுதான் அர்த்தம். சாதாரணப் பேனாவையோ நிரப்பிய சதுரத்தையோ எடுத்து, தகட்டின் விளிம்புக்குச் சற்று வெளியேயும் போகும்படி மூடிவிட வேண்டும்.

வெட்டி எடுப்பதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. கூகுள் பிக்சல் போன்களின் Markup கருவி, படத்தை வெட்டிய பிறகும் பழைய படத்தின் மிச்சத்தைக் கோப்புக்குள்ளேயே விட்டுவந்தது 2023 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. விண்டோஸ் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே கோளாறு. இரண்டையும் திருத்திவிட்டார்கள். ஆனால் திருத்தத்துக்கு முன் வெட்டிய படங்கள் இன்னும் எத்தனை இடத்தில் கிடக்கின்றனவோ!

இனி ஒரு விளம்பரப் படத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டர் நிற்கிறது. தகட்டில் கறுப்புப் பெட்டி. பின்னால் கேற்றில் இருந்த வீட்டு இலக்கத்துக்கும் பெட்டி. வீதிப் பெயர்ப் பலகையில் தமிழை மட்டும் மூடியிருக்கிறார்; கீழே சிங்களமும் ஆங்கிலமும் அப்படியே இருக்கின்றன. அதைக் கவனித்து மூடினாலும், எதிரே உள்ள கடையின் போர்ட்டில் கடைப்பெயருக்குக் கீழே வீதியும் ஊரும் தொலைபேசி இலக்கமும் பெரிய எழுத்தில் நிற்கும். நம்மூர்க் கடைக்காரர் முகவரி போடாமல் போர்ட் எழுதுவாரா? அப்புறம், விளம்பரத்தில் ஆறு படம் இருந்தால் ஆறிலும் மூட வேண்டும். முதல் படத்தில் பெட்டி போட்டுவிட்டு, நான்காவது படத்தில் பக்கவாட்டில் தெரிகிற முன்தகட்டை விட்டுவிடுகிறார்கள். கார் என்றால் பக்கத்தில் நிற்கும் வாகனத்தின் பளபளப்பில் விழும் எதிரொளியையும் பார்க்க வேண்டும். இடம்வலம் மாறி விழுந்த இலக்கத்தைப் படிக்கத் தெரியாத ஆள் இல்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் இது இன்னும் மோசம். ஒரு நாள் வீட்டு வாசலில் குடும்பப் படம், அடுத்த நாள் “எல்லோரும் தேருக்கு வந்திட்டம்” என்று இன்னொரு படம். வீடு எது, வீட்டில் ஆள் இல்லை என்ற இரண்டையும் சேர்த்து வாசிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

உங்கள் இணையப் பதிப்பிலும் விபத்துச் செய்திப் படங்களில் தகடுகள் கட்டமாக்கப்பட்டே வருகின்றன. பக்கத்தில் வெறுமனே நின்றுபோன வண்டிகளுக்கு அதுவும் இல்லை. இரண்டுக்கும் நிரப்பிய பெட்டி போடும்படி உங்கள் படப்பிரிவினருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றிய படங்களுக்கு மேல் புதிதாகப் பெட்டி போடுவதோடு நிற்காமல், பழைய கோப்பைத் தளத்திலிருந்து அழித்துவிட்டுத் திருத்திய படத்தை ஏற்றச் சொல்லுங்கள். பழைய இணைப்பை அழுத்தினால் பழைய படமே திறக்கும் தளங்களும் உண்டு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.