கண்காட்சிக் குழுவினருக்கு: அந்த இரண்டாவது தட்டியைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்

வணக்கம். நான் கடலூர்க்காரன், தேவனாம்பட்டினம் பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் புதுச்சேரி வரலாற்றுக் கண்காட்சியைப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது, அதில் குறையில்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்தில், 1748 செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றிய இரண்டாவது தட்டியில்தான் எனக்குச் சிக்கல். "துய்ப்ளெக்ஸ் மனைவியின் வேலை இது, நேரில் கண்ட சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மேற்கோள் குறிக்குள் நாலு வரி கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த நாலு வரி யாருடையது? பிள்ளை 1736 முதல் 1761 ஜனவரியில் சாகும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1846-ல் கலுவா மொம்பிரேன் அந்தக் குறிப்பேடுகளைக் கண்டெடுத்த பிறகு பிரதிகள் எடுக்கப்பட்டன. 1904-லிருந்து சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது. உங்கள் தட்டியில் இருப்பது அந்த ஆங்கிலத்தை யாரோ இன்றைய தமிழுக்குத் திருப்பியது. பிள்ளையின் தமிழில் 'துரை', 'கும்பனி' என்று அன்றைய பேச்சு புழங்கும். உங்கள் வரியிலோ 'ஆளுநர்', 'நிறுவனம்'! மூலம், பிரதி, ஆங்கிலம், மறுபடி தமிழ் என்று மூன்று கை மாறி வந்ததை மேற்கோள் குறிக்குள் போட்டால், படிப்பவர் பிள்ளையே சொன்னதாகத்தானே எடுத்துக்கொள்வார்.

அப்புறம், பிள்ளை யார், அதை எதற்கு எழுதினார் என்பது. அவர் துய்ப்ளெக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். துரையிடம் தினமும் பேசுகிற, ஊரில் நடப்பதெல்லாம் காதில் விழுகிற இடம் அது. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த கனகராய முதலியார் கிறித்தவர். 1746-ல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு இன்னொரு கிறித்தவரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சேசு சபைக் குருமாரும் துய்ப்ளெக்ஸ் மனைவியும் விரும்பினார்கள். ஆக, அந்த அம்மாவைப் பற்றிப் பிள்ளை எழுதும்போது எதிராளியைப் பற்றித்தான் எழுதுகிறார். அச்சில் வரும் என்று நினைத்து எழுதவில்லை, அதனால் உண்மை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் துரை தன்னைப் புகழ்ந்ததையெல்லாம் வரி விடாமல் எழுதி வைக்கிற மனிதர் அவர், தன் பக்கத்தை எழுதாமலா விடுவார்?

அதற்காக நாட்குறிப்பை ஒதுக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். இதே மனிதர், இதே பதவி, இதே பகை, ஒரு கேள்விக்குப் பலம், இன்னொன்றுக்குப் பலவீனம். கோயில் இடிபட்டதா, எப்போது, ஊர்க்காரர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று கேட்டால் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். அன்றைக்கு ஊருக்குள் இருந்தவர், ஊரே பார்த்த விஷயம், கற்பனை செய்து எழுத அவருக்குக் காரணமில்லை. யார் தூண்டினார்கள் என்று கேட்டால் கதை வேறு. மூடிய கதவுக்குள் நடந்த பேச்சு அது. நாட்குறிப்பு முழுக்கவே தான் பார்த்ததையும் பிறர் வந்து சொன்னதையும் தன் ஊகத்தையும் அடுத்தடுத்து எழுதிப்போவார். ஒரு பென்சிலை எடுத்து 'பார்த்தது', 'கேட்டது', 'நினைத்தது' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசியுங்கள். தட்டியில் எதைத் தைரியமாக எழுதலாம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

எதிர்த்தரப்பிலும் இதே கணக்குத்தான். தங்கள் செயலுக்கு நியாயம் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் எழுதுகிற பிரெஞ்சு அதிகாரிக்கோ குருவுக்கோ அவரவர் தேவை இருக்கும். ஒரே விஷயத்தை இரண்டு எதிரிகளும் ஒத்துக்கொண்டால் அதை நம்பலாம்.

கடைசியாக, பக்கத்துத் தட்டியில், ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் அதே 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்டதற்கு ஆங்கிலேயர் தேதியையும் பிரெஞ்சுத் தேதியையும் போட்டு, யாரோ பொய் சொல்கிறார்கள் என்பதுபோல் கேள்விக்குறி வைத்திருக்கிறீர்களே, யாரும் பொய் சொல்லவில்லை சார்! 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில்தான் எழுதினார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதில். எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையில் செப்டம்பர் 1 என்று எழுதிய அதே நாளுக்குப் புதுச்சேரியில் செப்டம்பர் 12. பிள்ளையோ தமிழ் வருடமும் மாதமும் சேர்த்துக் குறிப்பார். அப்போது நடந்துகொண்டிருந்தது விபவ வருடம். மூன்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், அப்போது கேள்விக்குறி போடலாம்.

தட்டியில் இப்படிப் போடுங்களேன்: "கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை பதிவு செய்கிறார். துய்ப்ளெக்ஸ் மனைவியே காரணம் என்பது அவர் கருத்து. இருவருக்கும் பகை இருந்தது." கீழே சின்ன எழுத்தில் 'ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக' என்று சேர்த்தால் போதும். மேற்கோள் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். தமிழ் மூலம் அச்சிலேயே இருக்கிறது. அந்த நாளுக்கான பக்கத்தைப் படியெடுத்து வருகிற சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன், பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகன்